பாப்புவோட 500 ரூபாய்: பாக்கெட் மணியிலிருந்து முதல் முதலீடு வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் தொகுக்கப்பட்டது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க. "வீட்ல தம்பி இருக்கான், அக்கா பொண்ணு இருக்கா, 13, 14 வயசு. பணத்தைப் பத்தி அவங்களுக்கு எப்படிச் சொல்லித் தர்றது? எந்த ஆப் நல்லது?"

ஆப் பத்தி இன்னைக்குப் பேசப் போறதில்ல. எங்க வீட்ல நடந்த ஒரு கதையைச் சொல்றேன். என் சித்தி பொண்ணு, ஒன்பதாம் வகுப்பு, வயசு 14. நிஜப் பேரைச் சொன்னா என்னைக் கொன்னுடுவா, அதனால வீட்ல கூப்பிடுற மாதிரி பாப்புன்னே வெச்சுக்குவோம். வீடு தாம்பரத்துல. சித்தி, சித்தப்பா, பாப்பு, எங்க பாட்டி, நாலு பேர்.

இதுல நான் ஏன் தலையிட்டேன்னா, எனக்கு 22 வயசு வரைக்கும் கையில காசு இருந்ததே இல்ல. கேட்டா கிடைக்கும், அவ்வளவுதான். முதல் சம்பளம் 18-ம் தேதியே காலி. மீதி நாளுக்கு கிரெடிட் கார்டு. அதை அடைச்சு முடிக்க ஒரு வருஷம் ஆச்சு. அந்தத் தப்பை நான் 14 வயசுல 300 ரூபாயில பண்ணியிருந்தா ரொம்ப மலிவா முடிஞ்சிருக்கும். இன்னைக்கு நான் சொல்ல வர்றதும் இதுதான்: சின்ன வயசுல, சின்னத் தொகையில, தப்பு பண்ண விடணும்.

எவ்வளவு கொடுக்கணும்?

"வாரம் எவ்வளவு கொடுக்கறதுடா?"ன்னு சித்தி கேட்டாங்க. நெட்ல தேடினா ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்வாங்க. எங்களுக்கு அது தேவைப்படல. ஏன்னா சித்தி ஏற்கனவே கொடுத்துட்டுத்தான் இருந்தாங்க, அதுக்கு பாக்கெட் மணின்னு பேர் வெக்கல, அவ்வளவுதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை சித்தியோட போனை வாங்கி, யூபிஐ ஹிஸ்டரியில பின்னாடி 8 வாரம் போனோம். டியூஷன் பக்கத்துல இருக்கற பஜ்ஜி கடை, ஸ்டேஷனரி கடை, ஜூஸ் கடை, ஃப்ரெண்டோட அம்மாவுக்கு அனுப்பின சினிமா காசு. பாப்புவுக்காகப் போனதை மட்டும் கூட்டினோம். 3,040 ரூபாய். வாரத்துக்கு 380. "நான் இதெல்லாம் 20, 30ன்னு நெனச்சுட்டு இருந்தேன்"னு சித்தி கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அதனால வாரம் 400ன்னு முடிவு பண்ணோம். 300 செலவுக்கு, 100 சேமிப்புக்கு. வீட்டுச் செலவு கிட்டத்தட்ட அதேதான். யாரு முடிவு எடுக்கறாங்கங்கறதுதான் மாறுது.

அடுத்து, அந்த 300-ல எதெல்லாம் அவ பொறுப்புன்னு எழுதினோம். வெளியில சாப்பிடுற நொறுக்குத் தீனி, ஃப்ரெண்ட்ஸ் பர்த்டே கிஃப்ட், சினிமா, ஆசைக்கு வாங்குற பேனா, ஸ்டிக்கர். ஸ்கூல் வேன், நோட்டு, மதிய சாப்பாடு, போன் ரீசார்ஜ் இதெல்லாம் சித்தி பார்த்துக்குவாங்க. இந்த லிஸ்ட் இல்லாம பாக்கெட் மணி கொடுத்தா அது வெறும் கூடுதல் காசு. பர்த்டேக்கு மறுபடியும் அம்மாகிட்ட வந்து நிப்பாங்க.

ரெண்டு விஷயம் நாங்க பண்ணல. மார்க்குக்குக் காசு இல்ல, வீட்டு வேலைக்கும் காசு இல்ல. தட்டு கழுவினா 20 ரூபாய்னு வெச்சா, ஒரு நாள் "இன்னைக்கு எனக்கு 20 ரூபாய் வேணாம்"னு சொல்லிட்டுப் போயிடலாம். அப்போ நம்மகிட்ட பதில் இருக்காது. விலை வெச்சது நாமதானே?

கொடுக்கற நாள் ஞாயிறு சாயங்காலம். வெள்ளிக்கிழமை கொடுத்தா சனி, ஞாயிறுல தீர்ந்துடும், அது யாருக்கும் கஷ்டமா தெரியாது. ஞாயிறு சாயங்காலம் கொடுத்தா, ஊர் சுத்துற சனிக்கிழமை வாரத்தோட கடைசியில வரும். அதுவரைக்கும் கொஞ்சம் மிச்சம் வெக்கணும். அப்புறம், முதல் மூணு மாசம் நோட்டாத்தான் கொடுத்தோம். ஸ்கேன் பண்ணிக் கொடுக்கும்போது காசு போறதே தெரியாது. பர்ஸ்ல நாலு நோட்டு இருந்தது ரெண்டாச்சுன்னா தெரியும்.

நான் பண்ண சொதப்பல்

நான் சாஃப்ட்வேர் ஆளு. அதனால முதல் நாளே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் ரெடி பண்ணேன். 9 கேட்டகிரி, டிராப்டவுன், பை சார்ட் எல்லாம் இருந்தது. பாப்பு அதை நாலு நாள் நிரப்பினா. அஞ்சாவது நாள்லேர்ந்து அந்தப் பக்கமே போகல.

அப்புறம் அதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு நோட்டு வாங்கினோம். தினமும் எதையும் எழுத வேணாம். ஞாயித்துக்கிழமை பர்ஸ்ல என்ன மிச்சம் இருக்குன்னு எண்ணணும், எழுதணும். 300-லேர்ந்து மிச்சத்தைக் கழிச்சா செலவு. எதுக்குப் போச்சுன்னு ஞாபகம் இருக்கற பெரிய செலவு ரெண்டை மட்டும் பக்கத்துல எழுதணும். ரெண்டு நிமிஷ வேலை. இன்னைக்கு வரைக்கும் அந்த நோட்டு ஓடுது.

அந்த நோட்டுதான் மூணாவது வாரம் ஒரு விஷயத்தைப் பிடிச்சுக் கொடுத்தது. அந்த வாரம் புதன்கிழமையே பாப்பு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்பினா: "அண்ணா, எல்லாம் காலி. ஒரு ரூபாய் கூட இல்ல. அம்மா தர மாட்டேங்கறாங்க." ஞாயித்துக்கிழமை எண்ணிப் பார்த்தா பர்ஸ்ல 60 ரூபாய் இருக்கு. புதன்கிழமை பூஜ்யம், ஞாயித்துக்கிழமை 60. எப்படி?

பாட்டிதான். சுருக்குப்பையிலிருந்து 200 ரூபாய். "குழந்தை டியூஷன்ல பசியோட உக்காந்திருக்கும்"னு பாட்டிக்கு மனசு கேக்கல. அவங்களைத் தப்பு சொல்லவும் முடியாது. ஆனா அந்த 200 ரூபாயில பாப்பு கத்துக்கிட்டது என்னன்னா, புதன்கிழமை காலியானா பாட்டிகிட்ட போகணும்.

நிறைய வீட்ல இந்த இடத்துலதான் திட்டம் உடையும். அம்மா கறாரா இருப்பாங்க, அப்பாவோ தாத்தாவோ பின்வாசல் வழியா கொடுப்பாங்க. நான் பாட்டிகிட்ட உக்காந்து பேசினேன். "கொடுக்காதீங்க"ன்னு சொல்லல. கொடுக்கறதா இருந்தா ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் கொடுங்க, அதுல பாதி சேமிப்பு டப்பாவுக்குப் போகட்டும்னு கேட்டேன். பாட்டி யோசிச்சுட்டு, "நான் கூட உங்க தாத்தாவுக்குத் தெரியாம அரிசி டிரம்லதான் சேர்த்தேன். எனக்கு யாரு நடுவுல கொடுத்தாங்க"ன்னாங்க. அதோட புதன்கிழமை விநியோகம் நின்னுச்சு. அடுத்த தடவை காசு தீர்ந்தப்போ பாப்பு ரெண்டு நாள் வீட்லேர்ந்து டப்பாவுல முறுக்கு கொண்டு போனா. பசியோட யாரும் உக்காரல.

டப்பாவும் ராக்கெட்டும்

இப்போ அந்த 100 ரூபாய். "எதிர்காலத்துக்குச் சேமி"ன்னு 14 வயசுப் பொண்ணுகிட்ட சொன்னா ஒண்ணும் நடக்காது. அவளுக்கு பேட்மின்டன் ராக்கெட் வேணும். அவ பார்த்து வெச்சிருந்தது 1,800 ரூபாய். வாரம் 100-னா 18 வாரம், நாலு மாசத்துக்கு மேல. அந்த வயசுக்கு அது ரொம்ப தூரம். அதனால, அவ போடுற ஒவ்வொரு 100-க்கும் சித்தி 50 சேர்த்துப் போடுறதா ஒப்பந்தம். வாரம் 150, பன்னிரண்டு வாரத்துல 1,800.

கூடவே ஒரு விதி. நடுவுல டப்பாவை உடைக்கலாம், அது அவ காசு. ஆனா உடைச்சா, எடுக்கற காசுக்கு சித்தி போட்ட பங்கும் திரும்பிப் போயிடும்.

ஆறாவது வாரம் சோதனை வந்தது. நெருங்கின ஃப்ரெண்டோட பர்த்டே. கிஃப்ட், வெளியில சாப்பாடு, ஆளுக்கு 500. பாப்பு கையில அன்னைக்கு வாங்கின 300 இருக்கு. இன்னும் 200 வேணும். டப்பாவுல 900 இருக்கு.

எனக்கு போன் பண்ணா. "அண்ணா, எடுக்கவா வேணாமா?" நான் பதில் சொல்லல. "எடுத்தா என்ன ஆகும்னு நீயே கணக்குப் போட்டுச் சொல்லு"ன்னேன். கொஞ்ச நேரத்துல சொன்னா: "200 எடுத்தா, அம்மாவோட 100-ம் போயிடும். 900, 600 ஆயிடும். ரெண்டு வாரம் தள்ளிப் போகும். இந்த வாரம் முழுக்க கையில காசும் இருக்காது." சரியான கணக்கு. அப்புறம், "பரவால்ல, எடுக்கறேன். அவ என் பெஸ்ட் ஃப்ரெண்ட்"னா.

சித்திக்கு ஒரே கோபம். "சேர்த்ததை உடைச்சுட்டாளே, இதுக்கா இவ்வளவு பண்ணோம்?" எனக்கு என்னமோ அந்த 14 வாரத்துல நடந்த நல்ல விஷயமே இதுதான்னு தோணிச்சு. 200 ரூபாய் செலவோட உண்மையான விலை 300 ரூபாயும் ரெண்டு வாரமும்னு அவளே கண்டுபிடிச்சா. தெரிஞ்சே கொடுத்தா. பெரியவங்களே கிரெடிட் கார்டு தேய்க்கும்போது இந்தக் கணக்கைப் போடுறதில்ல.

பதினாலாவது வாரம் டப்பாவுல 1,800 சேர்ந்தது. கடைக்குப் போனோம். 1,800 ராக்கெட்டைக் கையில எடுத்தா, சுழட்டிப் பார்த்தா. பக்கத்துல 1,300-க்கு ஒண்ணு இருந்தது, அதையும் சுழட்டினா. கடைக்காரர்கிட்ட "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"னு அவளே கேட்டா. "இப்போதானேம்மா கத்துக்கறே, உனக்கு வித்தியாசம் தெரியாது"ன்னார் அவர். அஞ்சு நிமிஷம் யோசிச்சா. 1,300 ராக்கெட்டை வாங்கிட்டு வெளியில வந்து, "மிச்ச 500 என்னோடதுதானே?"ன்னா.

அம்மா காசா இருந்திருந்தா 1,800 ராக்கெட்தான் வீட்டுக்கு வந்திருக்கும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல.

அந்த 500 ரூபாய்

இங்கதான் முதலீடு வருது. நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த 500 உனக்கு எப்போ வேணும்?" ஒரு வருஷத்துக்குள்ள வேணும்னா பேங்க்லயோ போஸ்ட் ஆபீஸ்லயோ இருக்கட்டும். 10 வயசு முடிஞ்ச பசங்க போஸ்ட் ஆபீஸ்ல தங்கள் பேர்லயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம், குறைஞ்சது 500 ரூபாய். மாசம் 100 போடற ஆர்.டி.யும் அங்க இருக்கு. ஆனா அது 5 வருஷத் திட்டம், மூணு வருஷம் ஆகாம முடிக்க முடியாது. அது தெரியாம ஆரம்பிச்சுட்டு, அடுத்த வருஷமே சைக்கிளுக்குக் காசு வேணும்னு போய் நிக்காதீங்க.

பாப்பு சொன்ன பதில், "காலேஜ் போகும்போது வேணும்." கிட்டத்தட்ட நாலு வருஷம். சரி, ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் பார்க்கலாம்னு முடிவு பண்ணோம். அவளுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான்: நாட்டோட பெரிய 50 கம்பெனிகள்ல உன் 500 ரூபாயைத் துளித்துளியா பிரிச்சுப் போடறாங்க. அந்த 50 பேர் பட்டியலைக் கொடுத்து, நம்ம வீட்டுக் காசு இதுல யாருக்கெல்லாம் போகுதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னேன். ஏர்டெல் ரீசார்ஜ், ஹிந்துஸ்தான் யூனிலீவர் சோப்பு, சித்தப்பா கையில டைட்டன் வாட்ச். "நம்ம காசு கொடுக்கற கம்பெனில நானும் ஒரு ஓனரா?"ன்னா. ஆமா, ரொம்ப ரொம்பச் சின்ன ஓனர்.

இப்போ நடைமுறை. 18 வயசு ஆகாதவங்க பேர்ல மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு தொடங்கலாம். ஆனா கார்டியனா அம்மாவோ அப்பாவோ இருக்கணும், இல்லைன்னா கோர்ட் நியமிச்சவர் இருக்கணும். அண்ணன் நான் கார்டியனா கையெழுத்துப் போட முடியாது. அதனால சித்திதான் கார்டியன். சித்தியோட பான், கே.ஒய்.சி., பாப்புவோட பிறப்புச் சான்றிதழ், பாப்பு பேர்ல ஒரு பேங்க் அக்கவுண்ட், இவ்வளவும் வேணும். போடற காசு அம்மா, அப்பா அக்கவுண்ட்லேர்ந்தும் போகலாம். திரும்ப எடுக்கும்போது பிள்ளையோட அக்கவுண்ட்டுக்கு மட்டும்தான் வரும். அதனால அந்த அக்கவுண்ட்டை முதல்ல தொடங்கிடுங்க.

எங்க விண்ணப்பம் ஒரு தடவை திரும்பி வந்தது. காரணம் நம்ம ஊர் இனிஷியல். பேங்க் பாஸ்புக்ல இனிஷியல் முன்னாடி, பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரு முழுசா பின்னாடி. ரெண்டும் ஒரே ஆளுன்னு சிஸ்டத்துக்குத் தெரியல. பேங்க்ல பேரைத் திருத்த 10 நாள் ஆச்சு. அக்கவுண்ட் தொடங்கும்போதே சான்றிதழ்ல இருக்கற மாதிரியே பேரைக் கொடுத்துட்டா இந்த அலைச்சல் மிச்சம்.

ஒரு வழியா 500 போட்டாச்சு. கணக்குக்குச் சுலபமா, அன்னைக்கு ஒரு யூனிட் விலை 25 ரூபாய்னு வெச்சுக்கோங்க. 20 யூனிட் வரணும்ல? ஸ்டேட்மென்ட்ல 19.999 இருந்தது. பாப்பு உடனே, "அண்ணா, 0.001 யாரு எடுத்தா?" முத்திரைத் தீர்வை. போடற தொகையில 0.005 சதவீதம், 500-க்கு ரெண்டரை பைசா. அந்த ரெண்டரை பைசாவைக் கவனிச்ச பொண்ணு, இனிமே எந்த ஸ்டேட்மென்ட்டையும் படிக்காம விடமாட்டான்னு நெனக்கறேன்.

மூணாவது வாரம் யூனிட் விலை 24.40 ஆயிடுச்சு. 500 இப்போ 488. எனக்கு வாய்ஸ் நோட்: "அண்ணா, 12 ரூபாய் போச்சு. எடுத்துடலாமா?"

அன்னைக்குச் சாயங்காலம் நேர்ல போய், 2020-ஐ எடுத்துக் காட்டினேன். அந்த ஜனவரியிலிருந்து மார்ச் 23-க்குள்ள நிஃப்டி 50 மூணுல ஒரு பங்குக்கு மேல விழுந்தது. அன்னைக்கு உன் 500 இருந்திருந்தா 310 பக்கத்துல வந்திருக்கும். அதே வருஷம் நவம்பர்ல பழைய இடத்துக்குத் திரும்பிடுச்சு. ஆனா எப்பவும் இவ்வளவு சீக்கிரம் திரும்பும்னு யாரும் சொல்ல முடியாது. நாலு வருஷம் கழிச்சு நீ காலேஜ் போகும்போது கூட 500-க்குக் கீழ இருக்கலாம். அப்போ அது உனக்கு அவசரமா வேணும்னா, இந்த இடம் தப்பான இடம். வேணாம்னா, காத்திருக்கலாம். நீயே முடிவு பண்ணு. எடுக்கறதா இருந்தா காரணத்தை நோட்டுல ஒரு வரி எழுதிட்டு எடு.

அவ எழுத உக்காந்தா. "12 ரூபாய் குறைஞ்சதால"ன்னு எழுதினா. அதையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம் அடிச்சுட்டா. பாட்டி பக்கத்துலேர்ந்து, "12 ரூபாய்க்கு ஒரு பஜ்ஜி வரும், அதுக்கா இவ்வளவு யோசனை?"ன்னாங்க.

பாட்டி சொன்னதுல ஒரு உண்மை இருக்கு, அதை நானும் ஒத்துக்கணும். இந்த 500 ரூபாயால யாரும் பணக்காரங்க ஆகப் போறதில்ல. வருஷம் 10 சதவீதம் வளர்ந்தாலும், அதுக்கு உத்தரவாதம் இல்ல, மூணு வருஷத்துல 665 ஆகும். லாபம் 165 ரூபாய். அவ ஒரு வாரம் நொறுக்குத் தீனியைக் குறைச்சா அதைவிட அதிகமா மிஞ்சும். முதல் முதலீட்டை லாபத்துக்காகச் செய்யாதீங்க. தன் காசு கண்ணு முன்னாடி குறையும்போது வயித்துல என்ன பண்ணுதுன்னு 12 ரூபாயில தெரிஞ்சுக்கறதுக்காகச் செய்யுங்க.

இதை நீங்களும் வீட்ல பண்ணப் போறீங்கன்னா, ரெண்டு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க. பிள்ளைக்கு 18 முடிஞ்சதும் அந்தக் கணக்கு அப்படியே நிறுத்தப்படும். அவங்களோட சொந்த பான், கே.ஒய்.சி. கொடுத்து மேஜரா மாத்தினாத்தான் காசைப் போடவோ எடுக்கவோ முடியும். காலேஜ் ஃபீஸ் கட்டற வாரத்துல இது தெரிஞ்சா ரொம்பக் கஷ்டம். இன்னொண்ணு, பிள்ளை பேர்ல போட்டா வரி இல்லைன்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அந்த முதலீட்டுல வர்ற வருமானம், அம்மா அப்பாவுல யாருக்கு வருமானம் அதிகமோ அவங்களோட சேர்த்துத்தான் கணக்காகும்.

இப்போ பாப்பு எங்க இருக்கான்னு சொல்லி முடிச்சுக்கறேன். மூணு மாசம் வாரக் காசு சரியா ஓடினதால, மாசக் காசுக்கு மாத்தினோம். 1-ம் தேதி மொத்தமா 1,700. முதல் மாசம் என்ன ஆச்சு தெரியுமா? 19-ம் தேதி காலி. மீதி நாள் முறுக்கு டப்பாதான். யாரும் காசு கொடுக்கல, யாரும் திட்டவும் இல்ல. ரெண்டாவது மாசம் 27 வரைக்கும் வந்தா.

என் முதல் சம்பளம் 18-ம் தேதி காலியாச்சுன்னு சொன்னேன்ல? அவ என்னைவிட ஒரு நாள் அதிகம் தாக்குப் பிடிச்சிருக்கா. அதையும் அவளே எனக்குச் சொல்லிக் காட்டிட்டா.

உங்க வீட்ல பாட்டி எந்த வழியா காசு கொடுக்கறாங்கன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.